திருச்சியில் 54, உத்தரப் பிரதேசத்தில் 4: ஆய்வுக் கட்டுரையின் விவாதப் பகுதியை எப்படிப் படிப்பது?

திருச்சி மாவட்டத்தில் பள்ளி வயதை எட்டாத 15,419 குழந்தைகளுக்கு ஓராண்டு வாராவாரம் சொட்டு மருந்து கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது என்று 1990-இல் அது அறிவித்தது. உத்தரப் பிரதேசத்தில் 10 லட்சம் குழந்தைகளைச் சேர்த்து அதே வைட்டமினைக் கொடுத்து ஐந்தாண்டுகள் நடந்த இன்னோர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அதில் இறப்பு குறைந்தது 4 விழுக்காடு. அந்த நாலும் தற்செயலாக வந்திருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது. முதலாவதை வெளியிட்டது நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின், இரண்டாவதை வெளியிட்டது லான்செட். மருத்துவ இதழ்களில் இவற்றுக்கு மேல் மதிப்புள்ளவை அதிகமில்லை.

எதை நம்புவது? இந்தக் கேள்விக்கு ஆய்வுக் கட்டுரைக்குள்ளேயே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆய்வு மாணவர்கள் டிஸ்கஷன் என்றே சொல்லிப் பழகிவிட்ட விவாதப் பகுதி அது. ஏன் தொடங்கினீர்கள், என்ன செய்தீர்கள், என்ன விடை கிடைத்தது, அதற்கு என்னதான் பொருள் என்ற நான்கு கேள்விகளுக்குக் கட்டுரை பதில் சொல்ல வேண்டும் என்று புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் 1965-இல் எழுதினார். நான்காவது கேள்விக்குரிய இடம்தான் விவாதப் பகுதி. ஆனால் பெரும்பாலான கட்டுரைகளில் அந்த இடத்திலும் மூன்றாவது கேள்விக்கான பதிலே மறுபடி எழுதப்பட்டிருக்கும். முடிவுகள் பகுதியில் அட்டவணையாக இருந்தது இங்கே வாக்கியமாகியிருக்கும், அவ்வளவுதான். நடுநடுவே நாலைந்து பெயர்களும் ஆண்டுகளும் வரும். “இது இன்னாரின் முடிவோடு ஒத்துப்போகிறது” என்று ஒரு வரி, “இன்னாரின் முடிவிலிருந்து மாறுபடுகிறது” என்று இன்னொரு வரி. பகுதி முடிந்துவிடும்.

கற்றுக்குட்டிகள் மட்டும் இப்படி எழுதுவதாக நினைக்க வேண்டாம். மைக் கிளார்க், இயன் சாமர்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1997 மே மாதத்தில் ஐந்து பெரிய மருத்துவ இதழ்களில் வெளியான 26 மருத்துவச் சோதனை அறிக்கைகளை எடுத்து, அவற்றின் விவாதப் பகுதியை மட்டும் படித்தார்கள். முன்பு நடந்த சோதனைகளை எல்லாம் முறையாகத் திரட்டி, அவற்றோடு தங்கள் முடிவையும் சேர்த்துப் பார்த்தவை இரண்டே இரண்டு. 2011-இல் காரென் ராபின்சனும் ஸ்டீவன் குட்மனும் 1,500-க்கும் மேற்பட்ட சோதனை அறிக்கைகளைப் பார்த்தார்கள். ஒரே கேள்விக்கு முன்பு எத்தனை சோதனைகள் நடந்திருந்தாலும், ஓர் அறிக்கை சுட்டிக்காட்டும் முந்தைய சோதனைகள் நடுமதிப்பில் இரண்டுதான் என்று கண்டார்கள். பத்து நடந்திருந்தாலும் இரண்டு, இருபது நடந்திருந்தாலும் இரண்டு.

ஒரு விவாதப் பகுதி முந்தைய ஆய்வுகளோடு உண்மையிலேயே பேசுகிறதா, பெயர்களை மட்டும் உதிர்க்கிறதா என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை எளியது. மேற்கோள் காட்டிய ஆய்வு ஒவ்வொன்றையும் மனத்துக்குள் அடித்துவிட்டுப் படித்துப் பார்க்கலாம். அடித்த பிறகும் ஆசிரியரின் முடிவுரை ஒரு சொல் மாறாமல் நிற்கிறது என்றால், அந்த மேற்கோள் அங்கே ஒரு வேலையும் செய்யவில்லை. இதைத் திருச்சி ஆய்விலேயே செய்து பார்ப்போம்.

அதற்கு முன் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். வைட்டமின் ஏ குறைந்தால் கண் போகும் என்பது பழைய செய்தி. இந்தோனேசியாவில் வேலை செய்துகொண்டிருந்த கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சோமர், மாலைக்கண் போன்ற லேசான அறிகுறிகள் இருந்த குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக இறப்பதைக் கவனித்தார். 1986-இல் அவருடைய குழு சுமத்ராவின் வடமுனையில் உள்ள ஆச்சே பகுதியில் 450 கிராமங்களைப் பிரித்து ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. பாதிக் கிராமங்களில் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2,00,000 அலகு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். மீதிக் கிராமங்களில் அந்தக் காலத்தில் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்த கிராமங்களில் இறப்பு 34 விழுக்காடு குறைவாக இருந்தது. பலர் நம்பவில்லை. ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொரு குழுவுக்கு ஒன்றுமே இல்லை என்றால், வித்தியாசம் மருந்தால் வந்ததா, கவனிப்பால் வந்ததா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அடுத்து வந்தது திருச்சி ஆய்வு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ரஹமத்துல்லா தலைமையிலான குழு அதை நடத்தியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் கொடுக்காமல், வாரத்துக்கு ஒருமுறை 8,333 அலகு என்ற சிறிய அளவில் கொடுத்தார்கள். ஒரு குழந்தை ஒரு வார உணவிலிருந்தே பெறக்கூடிய அளவு அது. வைட்டமின் ஏ பெறாத குழந்தைகளுக்கும் சொட்டு உண்டு. அதில் வைட்டமின் ஈ மட்டும் இருந்தது. அதே அளவு வைட்டமின் ஈ முதல் குழுவின் சொட்டிலும் இருந்தது. ஊர்த் தன்னார்வலர்கள் இரு குழுவினரின் வீட்டுக்கும் வாரந்தோறும் போனார்கள்.

இந்த ஆய்வுக்கு ஒரு சோம்பேறி விவாதப் பகுதி எப்படி இருக்கும் என்று நானே எழுதிக் காட்டுகிறேன். (மூலக் கட்டுரையில் இருப்பது இதுவல்ல.)

“இந்த ஆய்வில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு, பெறாதவர்களின் இறப்பில் 0.46 மடங்காக இருந்தது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடமும் வளர்ச்சி குன்றியவர்களிடமும் பலன் அதிகம் காணப்பட்டது. இது சோமர் குழுவின் முடிவோடு ஒத்துப்போகிறது. எனவே வைட்டமின் ஏ குழந்தை இறப்பைக் குறைக்கிறது.”

பிழை ஒன்றும் இல்லை. இலக்கணமும் சரி, எண்களும் சரி. இப்போது சோமர் வாக்கியத்தை அடித்துவிட்டுப் படியுங்கள். கடைசி வரி அப்படியே நிற்கிறது. சோமரின் பெயர் வந்ததால் வாசகருக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. முதல் இரண்டு வாக்கியங்களோ முந்தைய பக்கத்து அட்டவணையின் மறுபதிப்பு.

அதே ஆய்வு, அதே எண்கள், அதே ஒரு மேற்கோள். இப்போது வேறு மாதிரி:

“ஆச்சே சோதனையின் மீதான முக்கிய ஆட்சேபம், ஒப்பீட்டுக் கிராமங்களுக்கு எதுவும் தரப்படவில்லை என்பது. இங்கே இரு குழுக்களும் ஒரே விதமான சொட்டையும் ஒரே எண்ணிக்கையில் வீட்டு வருகைகளையும் பெற்றன. அப்படியும் வித்தியாசம் மறையவில்லை. ஆகவே ஆச்சேயில் கண்ட பலனைக் கவனிப்பின் விளைவு என்று ஒதுக்குவது கடினமாகிறது. ஆச்சேயில் தரப்பட்டது உணவில் கிடைக்கவே முடியாத பெரிய அளவு. இங்கே தரப்பட்டது உணவால் எட்டக்கூடிய அளவு. மாத்திரையோடு காய்கறி, பால், முட்டை வழியையும் யோசிக்க இது இடம் தருகிறது. ஆனால் வாராவாரம் ஒருவர் வீடு தேடி வருவது அரசுத் திட்டத்தில் நடக்காத காரியம். அதனால் இந்த 54 விழுக்காட்டைத் திட்டத்தின் பலனாக எதிர்பார்க்கக் கூடாது.”

இதில் ஆச்சேயை அடித்தால் பத்தியே சரிந்துவிடும். பழைய ஆய்வில் இருந்த ஓட்டை எது, புதிய ஆய்வு அதை அடைத்ததா, இரண்டுக்கும் வடிவத்தில் என்ன வேறுபாடு, அந்த வேறுபாட்டால் முடிவை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய ஆய்வின் மேல் கைவைத்துத்தான் நகர்கிறது. தன் எண்ணுக்கு ஒரு வரம்பு போட்டுக்கொள்ளவும் அந்தப் பழைய ஆய்வே உதவியிருக்கிறது. ஒப்பிட ஒன்று இருக்கும்போதுதான் தன் ஆய்வின் விசித்திரம் தனக்கே தெரிகிறது.

இனி “ஒத்துப்போகிறது” என்ற அந்தச் சொல்லுக்கு வருவோம். விவாதப் பகுதிகளில் மிக அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவது இதுதான். ஆச்சேயில் 34, திருச்சியில் 54. இரண்டும் ஒத்துப்போகின்றனவா, முரண்படுகின்றனவா? எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டையும் வாதிடலாம். இரண்டிலும் இறப்பு குறைந்தது, ஆகவே ஒத்துப்போகிறது என்பார் ஒருவர். ஒன்றைவிட மற்றொன்று 20 புள்ளி அதிகம், ஆகவே மாறுபடுகிறது என்பார் இன்னொருவர். பார்க்க வேண்டியது அந்த எண்ணைச் சுற்றியுள்ள நம்பிக்கை இடைவெளியை. திருச்சி ஆய்வில் மொத்தம் இறந்த குழந்தைகள் 125 பேர். அவ்வளவு குறைந்த எண்ணிக்கையிலிருந்து துல்லியமான விழுக்காடு கிடைக்காது. 0.46 என்ற அந்த விகிதத்தின் உண்மை மதிப்பு 0.30-லிருந்து 0.71 வரை எங்கும் இருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. இறப்பு 29 விழுக்காடு குறைந்திருக்கலாம், 70 விழுக்காடும் குறைந்திருக்கலாம் என்று அதற்குப் பொருள். ஆச்சேயின் 34 அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. திருச்சியில் ஏன் அதிகம் என்று விளக்கம் தேட வேண்டிய அவசியமும் இல்லை. இல்லாத வேறுபாட்டுக்குத் தட்பவெப்பம், உணவுப் பழக்கம், தாயின் கல்வி என்று பத்தி பத்தியாகக் காரணம் எழுதிய ஆய்வேடுகளை நிறையப் பார்க்கலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. அதே 1990-இல் ஹைதராபாத் பகுதியில் விஜயராகவன் குழு நடத்திய சோதனை வெளியானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவு கொடுத்துப் பார்த்தார்கள். இரு குழுக்களிலும் இறப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. “திருச்சியில் பலன் இருந்தது, ஹைதராபாத்தில் பலன் இல்லை, ஆகவே முடிவுகள் முரண்படுகின்றன” என்று எழுதத் தோன்றும். இந்த வாக்கியத்தை விவாதப் பகுதியில் பார்த்தால் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஒன்றில் பலன் புள்ளியியல் எல்லையைத் தாண்டியது, மற்றொன்றில் தாண்டவில்லை என்பதாலேயே இரண்டும் வெவ்வேறு உண்மையைச் சொல்கின்றன என்று ஆகிவிடாது. இறப்புகள் குறைவாக இருந்த சோதனையில் இடைவெளி அகலமாக இருக்கும். சுழியும் அதற்குள் இருக்கும், கால் பங்குப் பலனும் இருக்கும். அப்படிப்பட்ட ஆய்வு பலன் இல்லை என்று நிரூபிப்பதில்லை, பலனைக் காட்டவில்லை என்று மட்டும் சொல்கிறது. நல்ல விவாதப் பகுதி இந்த இரண்டையும் குழப்பாது.

உண்மையான முரண்பாடு எப்படி இருக்கும் என்று பார்க்க உத்தரப் பிரதேசத்துக்குப் போக வேண்டும். டெவ்டா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தச் சோதனையை லக்னோவைச் சேர்ந்த ஷாலி அவஸ்தியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் அவர்களுடைய குழுவும் நடத்தினார்கள். 72 வட்டாரங்கள், 8,338 அங்கன்வாடிகள். 1999-இல் தொடங்கி 2004 வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2,00,000 அலகு. இறப்பு விகிதம் 0.96. இடைவெளி 0.89-லிருந்து 1.03 வரை. குழந்தைகள் அத்தனை பேர் என்பதால் இடைவெளி குறுகிவிட்டது. அதிகபட்சமாக 11 விழுக்காடு குறைந்திருக்கலாம், அல்லது 3 விழுக்காடு கூடியும் இருக்கலாம். திருச்சியின் 29 முதல் 70 வரையான இடைவெளியை இது எங்கும் தொடவில்லை. அதுவரை எல்லோரும் எதிர்பார்த்த 20 முதல் 30 விழுக்காட்டையும் தொடவில்லை. விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இங்கே ஆசிரியர்களுக்கு இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. எங்கள் ஆய்வுதான் உலகிலேயே பெரியது, பழையவை எல்லாம் சிறியவை, ஆகவே வைட்டமின் ஏ உயிர் காக்காது என்று முடித்திருக்கலாம். அல்லது பல காரணங்களால் வேறுபாடு வந்திருக்கலாம், மேலும் ஆய்வு தேவை என்று நழுவியிருக்கலாம். இந்த இரண்டாவது வழியில்தான் நம் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை முடிகின்றன. எந்த ஆய்வு தேவை, யாரிடம், எந்தக் கேள்விக்கு என்று சொல்லாத வரையில் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

டெவ்டா குழு இரண்டையும் செய்யவில்லை. முந்தைய எட்டுச் சோதனைகளின் எண்களை எடுத்துத் தங்கள் எண்ணையும் சேர்த்து மொத்தமாகக் கணக்கிட்டார்கள். ஒன்பதையும் சேர்த்தால் இறப்பு 11 விழுக்காடு குறைகிறது என்று வந்தது. இடைவெளி 5-லிருந்து 16 வரை. தங்கள் ஆய்வைத் தனியாக எடுத்தால் பலன் உறுதியில்லை, மொத்தமாக எடுத்தால் பலன் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் நினைத்த அளவு பெரிதுமில்லை என்று எழுதினார்கள். மேற்கோளை அடிக்கும் சோதனையை இங்கே வைத்துப் பாருங்கள். பழைய எட்டையும் எடுத்துவிட்டால் அவர்களுடைய முடிவுரையின் எண்ணே மாறிவிடும்.

இன்னொரு காரியமும் செய்திருந்தார்கள். பலன் வராத ஆய்வைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, மருந்து குழந்தையின் வாய்க்குள் போனதா என்பது. அதை வெறும் வாய்ப்பாகக் குறிப்பிட்டுவிட்டுப் போகலாம். அவர்கள் தங்கள் தரவிலேயே பதில் தேடியிருந்தார்கள். வைட்டமின் ஏ குறைந்தால் கண்ணின் வெள்ளையில் தோன்றும் பிடோ புள்ளிகள், வைட்டமின் பெற்ற பகுதிகளில் 1.4 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு இருந்தன, பெறாத பகுதிகளில் 3.5 விழுக்காட்டினருக்கு. இரத்தத்தில் கடுமையான குறைபாடும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆகவே மருந்து போகவே இல்லை என்ற விளக்கம் நிற்காது. விளக்கம் ஒன்றைச் சொன்னால், அது உண்மையானால் என் தரவில் வேறெங்கே அதன் தடம் தெரிய வேண்டும் என்று கேட்டு, அங்கே போய்ப் பார்ப்பது இது. விவாதப் பகுதியில் “இருக்கலாம்” என்று முடியும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் எத்தனைக்கு அடுத்த வாக்கியத்தில் ஒரு சரிபார்ப்பு இருக்கிறது என்றும் பாருங்கள். இந்த விகிதமே எழுதியவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

அப்படியானால் டெவ்டாவின் விவாதம் குறையற்றதா? இல்லை. சோமரும் அவருடைய சகாக்களும் அதே லான்செட்டில் கடுமையாகப் பதில் எழுதினார்கள். ஆயிரக்கணக்கான அங்கன்வாடிகளை மேற்பார்வையிட மிகக் குறைந்த ஆட்களே இருந்தார்கள், மருந்து எவ்வளவு பேருக்குப் போனது என்ற கணக்கே நம்பத்தக்கதல்ல என்றார்கள். கண்ணில் தெரிந்த மாற்றம் மருந்து சிலருக்குப் போனது என்பதைக் காட்டும், எல்லோருக்கும் போனது என்பதைக் காட்டாது என்பது என் கருத்தும்கூட. மொத்தக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய ஆய்வுக்கு அதிக எடை என்பதே அந்தக் கணக்கின் விதி. வெளியான இடைவெளிகளை வைத்துப் பார்த்தால், 11 என்ற அந்த எண்ணில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எடை டெவ்டா என்ற ஒரே ஆய்வுக்குத்தான். திருச்சியில் வாராவாரம் வீட்டுக்கு வந்து கொடுத்ததும், உத்தரப் பிரதேசத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கன்வாடியில் கொடுத்ததும் ஒரே கேள்விக்கான பதில்கள்தானா? முன்னது மருந்துக்குச் சக்தி உண்டா என்று கேட்கிறது. பின்னது அரசு இயந்திரம் அந்த மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறது. இரண்டையும் ஒரே சராசரிக்குள் போட்டால் வருவது இரண்டு கேள்விக்கும் முழுப் பதிலாகாது.

இந்தச் சர்ச்சை சாத்தியமானதே விவாதப் பகுதி வெளிப்படையாக இருந்ததால்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த எட்டு ஆய்வுகள், எந்த எண்கள், எப்படிச் சேர்த்தார்கள் என்று எழுதியிருந்தார்கள். அதனால் எந்த இடத்தில் உடன்படவில்லை என்று மற்றவர்கள் விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. “எங்கள் முடிவு முந்தைய ஆய்வுகளிலிருந்து மாறுபடுகிறது” என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் மறுப்பதற்குக்கூட ஒன்றும் இருந்திருக்காது. தவறு எங்கே என்று காட்டும் வசதியை வாசகருக்குத் தரும் விவாதம், தவறாக இருந்தாலும் பயனுள்ளது. 2010-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு வைட்டமின் ஏ-யின் பலனை 24 விழுக்காடு என்று மதிப்பிட்டிருந்தது. டெவ்டாவையும் சேர்த்து 2017-இல் புதுப்பித்தபோது அது 12 ஆயிற்று. பாதியாகக் குறைந்தும் பலன் இல்லை என்று ஆகவில்லை.

பழையவற்றைப் பார்க்காமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் மருத்துவத்தில் இருக்கிறது. இதய அறுவை சிகிச்சையில் இரத்தப் போக்கைக் குறைக்க அப்ரோடினின் என்ற மருந்து பயன்பட்டது. 1987-இலிருந்து 2002 வரை அதைப் பற்றி 64 சோதனைகள் நடந்தன. அது நோயாளிக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய தேவையைக் குறைக்கிறது என்பது 1992-இல், பன்னிரண்டாவது சோதனையிலேயே தெளிவாகிவிட்டது என்று டீன் ஃபெர்குசன் குழு 2005-இல் கணக்குப் போட்டுக் காட்டியது. அதன் பிறகும் ஐம்பதுக்கு மேல் நடந்தன. ஒவ்வோர் அறிக்கையும் தனக்கு முன் வந்தவற்றில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சுட்டியிருந்தது. அந்த ஐம்பது சோதனைகளிலும் பாதி நோயாளிகளுக்கு மருந்து தரப்படவில்லை. ஒவ்வொருவரும் விவாதப் பகுதியை எழுத உட்கார்ந்தபோது முன் நடந்ததை எல்லாம் மேசையில் பரப்பி வைத்திருந்தால், அடுத்த சோதனையைத் தொடங்கியிருப்பார்களா?

எனவே ஒரு விவாதப் பகுதியை மதிப்பிடும்போது, அங்கே இருப்பதைப் படித்தால் மட்டும் போதாது. இல்லாததையும் தேட வேண்டும். இது கொஞ்சம் உழைப்பு கேட்கும். முன்னுரையில் யார் யார் பெயர் வந்தது என்று குறித்துக்கொண்டு, விவாதத்தில் அவர்களில் யார் காணாமல் போனார்கள் என்று பார்ப்பது ஒரு வழி. தலைப்பின் இரண்டு மூன்று முக்கியச் சொற்களைப் பப்மெட்டிலோ கூகுள் ஸ்காலரிலோ போட்டுத் தேடினால் அரை மணி நேரத்தில் எதிர்த்திசை முடிவுகள் சில கண்ணில் படும். அவை விவாதத்தில் ஒன்றுகூட இல்லை என்றால், ஆசிரியர் தனக்குச் சாதகமானவற்றை மட்டும் பொறுக்கியிருக்கிறார். “இதுவே முதல் ஆய்வு” என்ற வரியை இந்தத் தேடலுக்குப் பிறகுதான் நம்ப வேண்டும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முடிவை ஒருமுறை சொல்வதே குற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. விவாதப் பகுதியின் முதல் பத்தியில் முக்கிய முடிவை இரண்டு வாக்கியத்தில் சொல்வது நல்ல பழக்கம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் ஆசிரியர்கள் 1999-இல் விவாதப் பகுதிக்கு ஒரு வடிவம் பரிந்துரைத்தபோது முதலில் வைத்தது அதைத்தான். அடுத்து ஆய்வின் பலமும் பலவீனமும், அதன் பிறகு மற்ற ஆய்வுகளோடு வைத்துப் பார்ப்பது, பிறகு பொருள், கடைசியில் விடை கிடைக்காத கேள்விகள். இரண்டாவது பத்திக்கும் மூன்றாவது பத்திக்கும் போன பிறகும் அட்டவணை எண்களே ஓடிக்கொண்டிருந்தால்தான் சிக்கல். மேற்கோள்களின் எண்ணிக்கையும் அளவுகோல் அல்ல. முப்பது பெயர்கள் வரிசையாக நிற்கும் விவாதத்தைவிட, மூன்று ஆய்வுகளை எடுத்து அவற்றின் அளவு, முறை, மக்கள் மூன்றையும் தன்னுடையதோடு வைத்துப் பார்க்கும் விவாதம் மேல்.

ஆய்வேடுகளைத் திருத்தும் பேராசிரியர்களுக்கும், வாய்மொழித் தேர்வு நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவரிடம் “உங்கள் முடிவு என்ன?” என்று கேட்காதீர்கள், அதை அவர் மனப்பாடமாகவே சொல்வார். விவாதப் பகுதியில் அவர் மேற்கோள் காட்டியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டுக் காட்டி, இந்த ஆய்வு வேறு விடை சொல்லியிருந்தால் உங்கள் முடிவுரையில் எந்த வரியை மாற்றியிருப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்து, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுதச் சொல்லுங்கள்.